சீதையின் அணிகலன் எதற்கு?

புறநானூற்றின் 378-ஆம் பாடலைப் பல வருடங்கள் நான் ஒரு சிரிப்புப் பாட்டாகத்தான் வாசித்து வந்தேன். ஒரு கிணைப்பறைக் கலைஞன் சோழனின் மாளிகைக்குப் போகிறான். புதுப்பிறை போல வெள்ளை பூசிய மாடம் அது. வாசலில் நின்று கிணையைக் கொட்டிப் பாடுகிறான். அரசன் அள்ளி அள்ளிக் கொடுக்கிறான். பொருளோடு வீட்டுக்குத் திரும்பியதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடிவிடுகிறார்கள். வாழ்நாளில் அப்படியோர் அணிகலனைத் தொட்டே பார்க்காதவர்கள். விரலில் போடுவதைக் காதில் மாட்டுகிறார்கள், காதில் போடுவதை விரலில் செருகுகிறார்கள். இடுப்பில் கட்டுவது கழுத்துக்குப் போகிறது, கழுத்தில் கிடக்க வேண்டியது இடுப்புக்கு வருகிறது. பார்க்கிறவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பாடியவர் ஊன்பொதி பசுங்குடையார். பாடப்பட்டவன் சோழன் செருப்பாழி எறிந்த இளஞ்சேட்சென்னி.

இந்தக் காட்சியின் நடுவில் ஒரு உவமை வருகிறது:

கடுந்தெறல் இராமன் உடன்புணர் சீதையை
வலித்தகை அரக்கன் வௌவிய ஞான்றை
நிலஞ்சேர் மதரணி கண்ட குரங்கின்
செம்முகப் பெருங்கிளை இழைப்பொலிந் தாஅங்கு

இராமனோடு இருந்த சீதையை அரக்கன் கவர்ந்துகொண்டு போன நாளில், நிலத்தில் விழுந்த அவளுடைய அழகிய அணிகளைக் கண்ட குரங்குகளின் சிவந்த முகக் கூட்டம், அவற்றைப் பூண்டு விளங்கியதைப் போல. இராமாயணம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். குறிப்பைக் கண்டுபிடித்தாயிற்று, வேலை முடிந்தது என்பது என் எண்ணம்.

ஒரு முறை இந்தப் பாட்டை நண்பர் ஒருவருக்குப் படித்துக் காட்டியபோது அவர் கேட்டார்: "குரங்கு கையில் பூமாலை என்று நாமே சொல்கிறோமே. குரங்குக்கு அணிகலன் கிடைத்தது போல என்று சொன்னாலே சிரிப்பு வந்துவிடும். சீதை எதற்கு?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் நான் இந்தப் பாட்டை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். ஒரு கவிதையில் பழங்கதை வரும்போதெல்லாம் இன்றும் முதலில் இதைத்தான் செய்து பார்க்கிறேன்: கதையை எடுத்துவிட்டு அதே வேலையைச் செய்யும் ஒரு சாதாரண உவமையை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது. எது குறைகிறதோ, அதுதான் அந்தக் கதை கொண்டுவந்து சேர்த்தது.

வெறும் குரங்கும் வெறும் அணிகலனும் என்று மாற்றிப் பார்த்தால் சிரிப்பு அப்படியே இருக்கிறது. அணியத் தெரியாத அறியாமையும் இருக்கிறது. முதலில் போவது அணிகளின் மதிப்பு. அவை ஒரு அரசியின் அணிகள், சாதாரணப் பொருள் இல்லை. சோழன் கொடுத்தது அந்தத் தரத்தில் உள்ளது என்ற புகழ்ச்சி கதையால்தான் வருகிறது. இரண்டாவதாகப் போவது அந்த நாள். கவிஞர் 'சீதையின் அணி' என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. 'வௌவிய ஞான்றை', கவர்ந்த அந்த நாளில், என்று நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறார். அணி நிலத்துக்கு எப்படி வந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது என்று அவர் நினைத்திருக்கிறார். சிரிப்புக் காட்சிக்கு அந்தத் தகவல் தேவையே இல்லை. தேவையில்லாத இடத்தில் ஒரு கவிஞர் ஒரு விவரத்தைக் கூடுதலாகச் சொன்னால், நான் அங்கேதான் நிற்பேன்.

அடுத்து, கதை எங்கே இருக்கிறது என்று தேடிப் போக வேண்டும். இங்கேதான் பெரும்பாலும் சறுக்குகிறது. தமிழ் வாசகர்களுக்கு இராமாயணம் என்றதும் கம்பர் நினைவுக்கு வருவார். கிட்கிந்தா காண்டத்தில் கலன் காண் படலம் என்று இந்த அணிகளுக்கென்றே ஒரு படலம் இருக்கிறது. ஆனால் கம்பர் இந்தப் பாட்டுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர். பின்னால் வந்த நூலை வைத்து முன்னால் எழுதிய கவிஞரின் மனத்தை விளக்க முடியாது. சரி, வால்மீகிக்குப் போவோம். அங்கே இராவணன் தூக்கிக்கொண்டு போகும்போது சீதை ஒரு மலையுச்சியில் ஐந்து வானரங்களைப் பார்க்கிறாள். இராமனிடம் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் தன் அணிகளை மேலாடையில் முடிந்து அவர்கள் நடுவில் போடுகிறாள். அந்த ஐவர் சுக்ரீவனும் அவனுடைய துணைவர்களும். அவர்கள் அந்த முடிச்சைப் பத்திரமாகக் குகையில் வைத்திருந்து, இராமன் வந்ததும் எடுத்துக் காட்டுகிறார்கள். யாரும் எதையும் அணிந்து பார்க்கவில்லை. கம்பரிலும் அப்படித்தான்.

இப்போது புறநானூற்று வரிகளுக்குத் திரும்பி வந்தால் வித்தியாசம் கண்ணில் படும். இங்கே ஐந்து பேர் இல்லை, 'பெருங்கிளை', பெரிய கூட்டம். முடிச்சு இல்லை, 'நிலஞ்சேர்' அணி. பத்திரப்படுத்தவில்லை, பூண்டுகொண்டு பொலிகின்றன. பசுங்குடையாருக்குத் தெரிந்த கதையே இப்படி இருந்திருக்கலாம், வாய்மொழியில் வழங்கிய வேறொரு கதையாக. அல்லது தன் பாட்டுக்காக அவரே வளைத்திருக்கலாம். எது என்று தீர்ப்புச் சொல்ல நம்மிடம் சான்று இல்லை. ஆனால் அந்த விவரங்கள் பாட்டுக்குள் என்ன செய்கின்றன என்று சொல்ல முடியும். நாலைந்து வரிகளுக்கு முன்னால் கலைஞன் தன் சுற்றத்தை 'இலம்பாடு உழந்தவென் இரும்பேர் ஒக்கல்' என்று சொல்லியிருக்கிறான், வறுமையில் உழன்ற என் மிகப் பெரிய சுற்றம் என்று. அந்தப் பேரொக்கலுக்கு எதிரே வைக்கத்தான் பெருங்கிளை. ஐந்து குரங்கு வந்தால் தராசு சாய்ந்துவிடும். ஒரு கதையின் வழக்கமான வடிவத்துக்கும் கவிதையில் வரும் வடிவத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைத் தவறு என்று ஒதுக்காமல் இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கவிஞருக்கு அந்தக் கதையிலிருந்து எது வேண்டியிருந்தது என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த இடம். கலைஞன் மாளிகை வாசலில் என்ன பாடினான்? 'எஞ்சா மரபின் வஞ்சி' பாடினான். புறத்திணையில் வஞ்சி என்பது பகைவன் நாட்டின் மேல் படையெடுத்துப் போவது. பாட்டின் முதல் இரண்டு வரிகளே தென்பரதவர் வலிமை சாய்ந்ததையும் வடவடுகர் தோற்றதையும் சொல்கின்றன. அரசனின் அடைமொழியோ, செருப்பாழி என்ற கோட்டையை அழித்தவன். பிறகு அவன் பொழிந்த அருங்கலத்தைப் பற்றிக் கலைஞன் சொல்கிறான்: 'எமக்கென வகுத்த அல்ல'. எங்களுக்கென்று செய்தவை அல்ல. எங்களைப் போன்ற எளியவர்களுக்கு உரியவை அல்ல, அரசருக்கு உரியவை என்பது நேர்ப்பொருள். அந்தப் பொருளில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த சில வரிகளில், கவர்ந்து செல்லப்பட்ட ஒரு பெண்ணின் உடலிலிருந்து விழுந்த அணிகள் வருகின்றன. அவற்றைப் படித்துவிட்டு 'எமக்கென வகுத்த அல்ல' என்ற வரிக்குத் திரும்பினால், அப்படியானால் யாருக்கென்று வகுத்தவை என்ற கேள்வி தானாக எழுகிறது. தோற்ற நாட்டில் யாரோ ஒருத்தி அணிந்திருந்தவையா இவை?

பாட்டு அப்படிச் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் விளக்குகிறவர்கள் நிதானம் இழக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில், பசுங்குடையார் சோழனை இராவணன் என்று மறைமுகமாகச் சாடுகிறார் என்று உற்சாகமாக எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் ஆளைப் பொருத்திப் பார்த்தபோது அது உடைந்துவிட்டது. குரங்குக் கூட்டம் என்றால் கலைஞனின் சுற்றம், சரி. அணி என்றால் பரிசில், சரி. அணியைக் கீழே போட்டவள் சீதை, பரிசிலைப் பொழிந்தவன் சோழன். அப்படியானால் சோழன் சீதையின் இடத்தில் அல்லவா நிற்கிறான்? பாட்டு முழுவதும் நன்றியும் மகிழ்ச்சியுமாக இருக்கும்போது அவனை அரக்கன் இடத்தில் வைக்க ஒரு சொல்கூட உதவவில்லை.

தொல்காப்பியம் உவமை தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காகச் சொல்லும். இந்த உவமையில் பொதுவாக நிற்பது எது என்று அந்த நான்கில் தேடினால், அணியத் தெரியாமல் அணிந்துகொள்ளும் வினை, அதனால் விளையும் சிரிப்பு என்ற பயன். அவ்வளவுதான் உறுதியாகப் பொருந்துவது. கவர்தல், அழுகை, தோற்றவர்கள் எல்லாம் உவமையின் நிழலாகக் கூட வருகின்றன. நிழலை நிழல் என்றே சொல்லலாம். இந்தச் சிரிப்பின் அடியில் ஒரு துயரக் கதை கிடக்கிறது, கவிஞர் அதை மறைக்கவில்லை என்பது வரை நான் போவேன். அதற்கு ஆதாரம் 'வௌவிய ஞான்றை' என்ற இரண்டு சொற்கள். கவிஞர் அரசனைக் கண்டிக்கிறார் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை, அதனால் சொல்ல மாட்டேன்.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். பாட்டில் 'அறாஅ அருநகை இனிது பெற்றிகுமே' என்று வருகிறது. ஓயாத சிரிப்பை இனிதாகப் பெற்றோம். அணிகலனைப் பற்றிய பாட்டில் நகை என்ற சொல்லைப் பார்த்ததும், ஆகா, சிலேடை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பாட்டுக்குள் அணிகலனுக்கு வரும் சொற்கள் கலம், அணி, இழை. நகை அந்தக் காலத்தில் சிரிப்பு. இன்று நம் காதில் கேட்கும் சிலேடை பின்னால் வந்த வழக்கால் உண்டானது. இந்தப் பாட்டுக்குப் பழைய உரையும் இல்லை. 1894-இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது கிடைத்த பழைய உரை முதல் 266 பாடல்களோடு நின்றுவிடுகிறது. ஆகவே 378-இல் நம்மைத் தடுத்து நிறுத்தப் பழைய உரைகாரர் யாரும் இல்லை. கவனம் நம் பொறுப்பு.

கதைப் பெயர் வெளிப்படையாக இருக்கும்போதே இவ்வளவு வேலை இருக்கிறது. அகநானூற்றின் 70-ஆம் பாடல் இன்னும் அழகான சிக்கலைத் தருகிறது. மதுரைத் தமிழ்க்கூத்தன் கடுவன் மள்ளனார் பாடியது. தலைவியின் காதலைப் பற்றி ஊரெல்லாம் அலர் தூற்றிக்கொண்டிருந்தது. திருமணம் கூடிவந்ததும் அந்தப் பேச்சு சட்டென்று நின்றுவிட்டது. தோழி சொல்கிறாள்:

வெல்போர் இராமன் அருமறைக்கு அவித்த
பல்வீழ் ஆலம் போல
ஒலியவிந் தன்றுஇவ் அழுங்கல் ஊரே

பாண்டியரின் பழமையான கோடி என்னும் கடல்துறையில் என்று முந்தைய வரிகள் இடத்தைச் சொல்கின்றன; அங்கே இராமன் அருமறைக்காக அடக்கிய, பல விழுதுகள் கொண்ட ஆலமரத்தைப் போல ஊர் ஓசை அடங்கியது. இந்த நிகழ்ச்சி வால்மீகியில் இல்லை. ஆலமரத்தை ஏன் அடக்க வேண்டும்? அதில் கூச்சலிட்ட பறவைகளை அடக்கினான் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். ஆனால் இந்த மூன்று வரிகளில் பறவை என்ற சொல்லே இல்லை! மரம் என்று சொன்னால் போதும், கேட்பவர்கள் பறவைகளைத் தாங்களே கொண்டுவந்துவிடுவார்கள் என்று கவிஞர் நம்பியிருக்கிறார். அவ்வளவு பரவலாகத் தெரிந்த கதை அது. நமக்கு அதற்கு இருக்கும் சாட்சி இந்த வரிகள்தான். ஒரு குறிப்புக்கு மூலம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காவிட்டால் கவிஞர் கற்பனை செய்துவிட்டார் என்று உடனே முடிவு கட்டக் கூடாது என்பதை நான் இந்த ஆலமரத்திடம்தான் கற்றுக்கொண்டேன். கதையை எவ்வளவு சுருக்கிச் சொல்கிறார் என்று பாருங்கள். புதிதாகக் கட்டிய கதையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் யாருக்கும் புரியாது.

இது பாட்டுக்கு என்ன சேர்க்கிறது? அலர் பேசும் பெண்களை இன்னொரு பாட்டு வெறுப்போடு பேசும். இங்கே அவர்கள் பறவைகளாகிவிடுகிறார்கள். ஆலமரத்துப் பறவைகள் யார்மேலும் கோபத்தில் கத்துவதில்லை, கத்துவது அவற்றின் இயல்பு. வென்றுவிட்ட தோழிக்கு இப்போது அவர்கள்மேல் பகை இல்லை, அவர்களைப் பறவைகளாகப் பார்க்கும் அளவுக்கு மனம் இளகிவிட்டது. அதோடு, மரத்தை அமைதிப்படுத்தியவன் பிரிந்த மனைவியை மீட்கக் கடற்கரையில் நிற்கிறவன். பிரிவு முடியப்போகும் நேரத்தில் வரும் அமைதி அது. தலைவியின் ஊரும் கடற்கரை ஊர்தான். கதையின் இடமும் நேரமும் பாட்டின் இடத்தோடும் நேரத்தோடும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவதால், இந்தக் குறிப்பை நான் தயக்கமில்லாமல் விரித்துப் படிப்பேன். 378-இல் செய்யத் தயங்கியதை இங்கே செய்யலாம்.

பெயரே சொல்லாமல் வரும் குறிப்புகளும் உண்டு. அவற்றைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஒரு விசித்திரமான தொடர். மடியின்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில், சோம்பல் இல்லாத மன்னன் 'அடியளந்தான் தாஅயது எல்லாம்' ஒருங்கே அடைவான் என்று வள்ளுவர் சொல்கிறார். உலகம் முழுவதும் அடைவான் என்று சொல்லியிருக்கலாம். அடியால் அளந்தவன் என்றதும் மூன்றடி கேட்டு உலகையே அளந்த திருமால் வந்துவிடுகிறார். சோம்பலைப் பற்றிய அதிகாரம் எழுந்து கால் எடுத்து வைத்த ஒருவனின் கதையில் முடிகிறது. 'தாஅய' என்ற அளபெடையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லிப் பாருங்கள், அந்த எட்டு எவ்வளவு தூரம் என்பது வாயிலேயே தெரியும்.

பெயர் இருந்தும் கதை எது என்று தெரியாத நிலைதான் எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றுவது. நீத்தார் பெருமையில் ஒரு குறள்:

ஐந்தவித்தான் ஆற்றல் அகல்விசும்பு ளார்கோமான்
இந்திரனே சாலுங் கரி

ஐம்புலன்களை அடக்கியவனின் ஆற்றலுக்கு வானுலகத் தலைவனான இந்திரனே போதுமான சாட்சி. கரி என்றால் சாட்சி. இந்திரன் எப்படிச் சாட்சி? பரிமேலழகர் தரும் விளக்கம், இந்திரன் தான் ஐந்தையும் அவிக்காமல் சாபம் பெற்று, அதன் மூலம் அவித்தவனின் ஆற்றலை உணர்த்தினான் என்பது. அகலிகை, கௌதமர் கதை. வேறு விதமாகவும் சொல்வதுண்டு: ஒருவன் தவம் செய்தால் இந்திரனின் ஆசனமே அசையும், தன் பதவி போய்விடுமோ என்று அஞ்சுவான், அந்த அச்சமே சாட்சி.

இரண்டு கதையும் பொருந்துகின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? நான் குறளின் சொற்களையே நடுவராக வைத்துப் பார்ப்பேன். முதல் சொல் ஐந்தவித்தான். அதற்கு நேர் எதிராக நிற்கக்கூடியவன் ஐந்தை அவிக்காதவன். அகலிகைக் கதையில் இந்திரன் அப்படிப்பட்டவன். ஆசனம் அசையும் கதையில் இந்திரனின் புலனடக்கம் பற்றிப் பேச்சே இல்லை, அவன் பதவியைப் பற்றித்தான் பேச்சு. அடுத்து 'அகல்விசும்புளார் கோமான்' என்ற நீண்ட பட்டம். அகன்ற வானில் உள்ளவர்களின் தலைவன் என்று முழு மரியாதையோடு அழைத்து, அவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார் வள்ளுவர். சாட்சி சொல்ல அவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை, அவன் நிலையே சாட்சி. அதனால் என் மனம் பரிமேலழகர் பக்கம் சாய்கிறது. ஆனால் 'ஆற்றல்' என்ற சொல்லும் 'கோமான்' என்ற பதவிச் சொல்லும் மற்றக் கதைக்கும் இடம் கொடுக்கின்றன என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தக் குறளை விளக்கும்போது நான் இரண்டையும் சொல்லி, எது ஏன் எனக்கு வலுவாகப் படுகிறது என்பதையும் சொல்வேன். ஒன்றை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் குறள் சிறுத்துவிடுகிறது.

கடைசியாக மறுபடியும் சீதையின் அணிகள். வால்மீகியில் சுக்ரீவன் அந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியதும் இராமன் கலங்கிப் போய் இலட்சுமணனைப் பார்க்கச் சொல்கிறான். இலட்சுமணன் சொல்லும் பதில் புகழ்பெற்றது: தோள்வளையும் தெரியாது, குண்டலமும் தெரியாது, தினமும் காலில் விழுந்து வணங்கியதால் சிலம்பு மட்டும் தெரியும். அதே அணிகள். அங்கே ஒருவன் பக்தியால் எது எங்கே அணிவது என்று பார்க்காமலே இருந்திருக்கிறான். இங்கே வறுமையில் உழன்ற ஒரு சுற்றம் எது எங்கே அணிவது என்று தெரியாமல் விரலுக்கும் காதுக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். பசுங்குடையாருக்கு அந்தச் சுலோகம் தெரியும் என்று காட்ட ஒரு சொல்லும் பாட்டில் இல்லை. அதனால் 378-க்கு நான் எழுதி வைத்திருக்கும் விளக்கத்துக்குள் இதைச் சேர்க்கவில்லை, ஓரத்தில் பென்சிலால் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.